ஏழு வயது அப்பாவும் பதினாறு வயது மகனும்

1872 ஜூலை மாதம். இங்கிலாந்தின் மட்பாண்டத் தொழில் வட்டாரத்தில் ஒரு கால்வாய்ப் பாலத்தின் மேல் பதினாறு வயதுப் பையன் ஒருவன் நண்பனோடு நிற்கிறான். அன்றோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. கீழே களிமண் ஏற்றிய படகு வருகிறது. அந்த மண் எங்கோ தொலைவில் தோண்டப்பட்டு, கடலில் கப்பலேறி, கால்வாயில் படகேறி, தன் ஊர்ச் சூளைகளுக்கு ஏன் வந்து சேர்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ஊரே அந்த மண்ணில்தான் பிழைக்கிறது. இத்தனை ஆண்டுப் படிப்பில் ஒருவரும் அதை அவனுக்குச் சொல்லித்தரவில்லை. தன்னை நல்லபடியாக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்ற தீ மட்டும் உள்ளுக்குள் எரிகிறது. எதுவாக ஆக்கிக்கொள்வது என்பது அவனுக்கே இன்னும் புலப்படவில்லை.

ஆர்னல்ட் பென்னட்டின் ‘கிளேஹேங்கர்’ நாவல் இப்படித் தொடங்குகிறது. 1910இல் வெளிவந்தது. தந்தை–மகன் மோதலைப் பேசும் நாவல்கள் ஐரோப்பாவில் ஏராளம். துர்கனேவின் ‘தந்தையரும் மைந்தரும்’ 1862இலேயே வந்துவிட்டது. ஆனால் அங்கே மோதுவது கருத்துகள். தந்தை செய்த வேலைக்கும் மகன் செய்ய விரும்பும் வேலைக்கும் நடுவே விழும் பிளவைத் தொழிலின் உள்ளே புகுந்து காட்டிய நாவல்கள் குறைவு. அவற்றில் இதை நான் முதலிடத்தில் வைப்பேன். காரணம் எளியது. இந்த நாவல் தந்தையைக் கொடுங்கோலனாக்கி மகனுக்கு நியாயம் தேடவில்லை. மகனை நன்றி கெட்டவனாக்கித் தந்தைக்கு அனுதாபம் திரட்டவும் இல்லை. இருவருக்கும் நடுவே சொல்லப்படாமல் கிடக்கும் ஒரு கதையை வாசகர் கையில் மட்டும் கொடுத்துவிடுகிறது. பிறகு ஏறத்தாழ எழுநூறு பக்கங்களுக்கு அந்த இருவரையும் நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அந்தக் கதை தந்தை டேரியஸ் கிளேஹேங்கருடைய குழந்தைப் பருவம். 1835 ஜனவரி, குளிர்காலம். ஏழு வயது டேரியஸை அவன் தாய் முதன்முதலாக வேலைக்கு அழைத்துப் போகிறாள். சிறு தட்டுகள் செய்யும் ஒரு தொழிலாளிக்கு அவன் எடுபிடி. தொழிலாளி அச்சின்மேல் ஈரக் களிமண்ணைப் படியவைத்துத் தட்டாக்குவார். அந்த அச்சைத் தட்டோடு தூக்கிக்கொண்டு டேரியஸ் உலர்த்தும் அறைக்கு ஓட வேண்டும். அந்தச் சிறு அறையின் நடுவில் அடுப்பு கனன்றுகொண்டிருக்கும். சுற்றிலும் சுவர் உயரத்துக்கு அலமாரித் தட்டுகள். ஏழு வயதுக் கைக்கு மேல்தட்டு எட்டாது என்று ஒரு சிறு ஏணிப்படி வைத்திருந்தார்கள். ஏறி, அச்சைப் பதமாகச் சாய்த்து வைத்து, இறங்கி, மறுபடி ஓட வேண்டும். ஈர மண் கொஞ்சம் நசுங்கினாலும் அடி விழும். வெளியே பனி, உள்ளே அனல். அதனால் அரை உடம்பில் துணியில்லாமல்தான் ஓடினான். வேலை முடிய இரவாகிவிடும்.

இந்தப் பக்கங்கள் பென்னட்டின் கற்பனை அல்ல. சார்ல்ஸ் ஷா என்றொரு பழைய மட்பாண்டத் தொழிலாளி, பிற்காலத்தில் மெதடிஸ்ட் போதகரானவர், தன் பிள்ளைப்பருவ நினைவுகளை 1903இல் நூலாக வெளியிட்டார். அவரும் ஏழு வயதில் அச்சைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். அவருடைய குடும்பமும் ஏழைகள் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தது. பென்னட் அந்த நூலிலிருந்து தாராளமாக எடுத்துக்கொண்டார். அதை நான் குறையாகக் கருதவில்லை. ஒரு வட்டாரத்தின் உழைப்புக்குச் சாட்சி சொன்ன ஒருவரின் அனுபவத்தை ஒரு தந்தையின் மௌனத்துக்குள் கொண்டு போய் வைத்தது நாவலாசிரியரின் வேலை.

ஏழைகள் விடுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1834இல் வந்த ஏழையர் சட்டப்படி, உழைக்க உடல்வலு உள்ளவரின் குடும்பம் விடுதிக்குள் வந்து தங்கினால்தான் உதவி. உள்ளே நுழைந்ததும் கணவன், மனைவி, பிள்ளைகள் தனித்தனியாகப் பிரிக்கப்படுவார்கள். தலைமுடி வெட்டப்படும். விடுதி உடை தரப்படும். மக்கள் அந்தக் கட்டடத்துக்குப் ‘பாஸ்டில்’ என்று பெயர் வைத்தார்கள், பாரிஸ் நகரத்துச் சிறையை நினைத்து. டேரியஸின் தந்தை வேலைநிறுத்தத்தில் சேர்ந்து வேலை இழந்தபோது குடும்பம் அங்கே போகிறது. அந்தப் பிள்ளையைத் தேடி வந்து, குடும்பத்தையே வெளியே கொண்டு வந்து, அவனுக்கு ஓர் அச்சகத்தில் எடுபிடி வேலையும் வாங்கித் தந்தவர் ஷுஷன்ஸ் என்ற ஞாயிறுப் பள்ளி ஆசிரியர். அந்த எடுபிடிப் பையன்தான் பிறகு ஊர் நடுவில் சொந்த அச்சகம் வைத்து, நீராவி இயந்திரத்தில் அச்சிடுபவர் என்று பெயரெடுத்த டேரியஸ் கிளேஹேங்கர்.

இதை அவர் தம் பிள்ளைகளிடம் சொல்லவே இல்லை. வெட்கம். ஏழைகள் விடுதியில் படுத்தெழுந்தவன் என்ற சொல் தம் பிள்ளைகளின் காதில் விழக்கூடாது என்ற உறுதி. மோதலின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் வாசிப்பு. மகன் எட்வினின் கண்ணில் அப்பா பிறந்தபோதே அச்சக முதலாளி. அந்த அச்சகம் எப்போதும் அங்கே இருந்த ஒன்று, மழை போல, சாலை போல. அதை உண்டாக்கியதில் ஒரு சாதனை இருக்கிறது என்று அவனுக்குத் தோன்ற வழியே இல்லை. அப்பாவுக்கோ ஒவ்வொரு நாள் காலையும் கடைக் கதவைத் திறப்பதே ஓர் அற்புதம்.

பள்ளியை முடித்துவிட்டு எட்வின் வீடு திரும்பும் அதே நாளில் முதியவர் ஷுஷன்ஸ் கடைக்கு வருகிறார். பையனைப் பார்த்ததும் அவர் கண்ணில் நீர் துளிர்க்கிறது. எட்வினுக்குச் சங்கடமாக இருக்கிறது. யாரோ கிழவர், எதற்கோ அழுகிறார். பென்னட் உடனே கதையை நிறுத்தி, 1835க்குப் போய், அந்த ஒரு துளிக் கண்ணீருக்கான காரணத்தை அத்தியாயக் கணக்கில் நமக்குச் சொல்கிறார். எட்வினிடம் மட்டும் சொல்லவில்லை. நாவலின் கட்டுமானமே இதுதான். இதற்குப் பிறகு தந்தை கத்தும் ஒவ்வொரு முறையும், காசை எண்ணும் ஒவ்வொரு முறையும், நமக்கு அந்த உலர்த்தும் அறை தெரிகிறது, மகனுக்குக் கடுகடுத்த ஒரு முகம் மட்டும் தெரிகிறது.

எட்வினுக்குக் கட்டடக் கலைஞர் ஆக வேண்டும். படம் வரைவதில் கை உண்டு. நண்பன் சார்லியின் தந்தை ஆஸ்மண்ட் ஆர்க்ரீவ் கட்டடக் கலைஞர். அந்த வீட்டில் பியானோ இருக்கிறது, புத்தகம் இருக்கிறது. பிள்ளைகள் அப்பாவோடு வாதாடிச் சிரிக்கிறார்கள். அப்படியொரு வீடு இருக்க முடியும் என்பதே அவனுக்குப் புதுச் செய்தி. அவன் விரும்புவது ஒரு தொழிலை மட்டுமல்ல. அந்தத் தொழிலோடு வரும் பேச்சு, ஓய்வு, ரசனை எல்லாவற்றையும் சேர்த்துத்தான். இதைப் பென்னட் மிகச் சரியாகப் பிடித்திருக்கிறார். கைத்தொழிலிலிருந்து ‘படித்த வேலை’க்குத் தாவ நினைக்கும் மகனின் ஆசைக்குள், அந்த வேலை செய்பவர்களின் வீட்டுக் கூடத்தில் தனக்கும் ஒரு நாற்காலி வேண்டும் என்ற ஏக்கம் ஒளிந்திருக்கும்.

தன் ஆசையை அவன் அப்பாவிடம் நேரில் சொல்லவில்லை. கடிதம் எழுதுகிறான். ஒரே வீட்டில் தூங்கி, ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே கடையில் வேலை செய்யும் இருவருக்கு நடுவே ஒரு கடிதம்! நாவலில் என்னை மிகவும் பாதித்த இடம் இது. கடிதத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பேசும் காட்சியில் பெரிய சண்டை எதுவும் இல்லை. அப்பா கோபப்படுவதைவிட அதிகமாகத் திகைக்கிறார். இத்தனையையும் யாருக்காகக் கட்டினேன், நான் போனபின் இதை யார் பார்ப்பார் என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. கையில் இருக்கும் பொன்னை விட்டுவிட்டு வேறெதையோ தேடும் பிள்ளையை எப்படிப் புரிந்துகொள்வது? எட்வினிடம் பதில் இல்லை. அவன் கற்றுக்கொண்ட எந்தச் சொல்லும் அந்த முகத்தின் முன்னால் வரவில்லை. ஒப்புக்கொண்டு திரும்பிவிடுகிறான்.

இந்த இடத்தில் விமர்சகர்கள் எட்வினின் கோழைத்தனத்தைக் குற்றம் சொல்வதுண்டு. எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. கட்டடக் கலையைப் பற்றி அவனுக்கு என்ன தெரியும்? சில படங்களைப் பார்த்துப் பிரதி எடுத்திருக்கிறான், அவ்வளவுதான். அந்தத் தொழிலுக்குள் நுழைய ஓர் அலுவலகத்தில் பணம் கட்டிப் பயிற்சிக்குச் சேர வேண்டிய காலம் அது. அந்தப் பணம் அப்பாவிடம்தான் இருக்கிறது. அச்சகத்திலிருந்து வெளியேறும் வழியும் அச்சகக் கல்லாப்பெட்டி வழியாகத்தான் போகிறது. தலைமுறை மோதலைப் பேசுகிறவர்கள் பலர் இந்தக் கணக்கைத் தொடுவதில்லை.

இதே காலத்து வேறு இரு நாவல்களோடு ஒப்பிட்டால் பென்னட் செய்த தேர்வு விளங்கும். சாமுவேல் பட்லரின் ‘தி வே ஆஃப் ஆல் ஃபிளெஷ்’, அவர் மறைந்தபின் 1903இல் வெளியானது. அதிலும் தலைமுறைகள் உண்டு. கொள்ளுத்தாத்தா தச்சர், தாத்தா மதநூல் பதிப்பாளர், அப்பா பாதிரியார். மகன் எர்னெஸ்டை அந்த வீட்டுப் பிடியிலிருந்து கடைசியில் விடுவிப்பது அத்தை விட்டுச்சென்ற சொத்து. பட்லர் தந்தையை வெறுக்கிறார். அந்த வெறுப்பில் கூர்மை உண்டு. ஆனால் தந்தை ஏன் அப்படி ஆனார் என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடை, அவருடைய தந்தையும் அப்படித்தான் என்பதோடு நின்றுவிடுகிறது. பென்னட்டின் மகனுக்கு அத்தை சொத்து வரவில்லை, அதனால் அவனால் தப்ப முடியவில்லை. பெரும்பாலான மகன்களின் நிலைமை எட்வினுடையதுதான்.

தாமஸ் மன்னின் ‘புடன்புரூக்ஸ்’ 1901இல் வந்தது. லூபெக் நகரத் தானிய வணிகக் குடும்பம், நான்கு தலைமுறை. அங்கே தொழில் மேலிருந்து கீழாகச் சரிகிறது. கடைசிப் பிள்ளை ஹன்னோவுக்கு இசைதான் உயிர். வணிகம் என்றாலே நடுக்கம். குடும்ப ஏட்டில் தன் பெயருக்குக் கீழே அவன் இரட்டைக் கோடு போட்டுவிடுகிறான். அப்பா அதட்டிக் கேட்கும்போது, இதற்கு மேல் ஒன்றும் வராது என்று நினைத்தேன் என்கிறான். மன்னுக்குத் தேவை ஒரு வம்சத்தின் அந்தி. பென்னட் எடுத்துக்கொண்டது முதல் தலைமுறையும் இரண்டாம் தலைமுறையும் மட்டும், அதாவது ஒன்றுமில்லாத இடத்திலிருந்து எழுந்தவனும் அவன் எழுப்பியதில் பிறந்தவனும். தூரம் மிக அதிகமாக இருப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஹன்னோவின் அப்பாவுக்கும் பியானோ உள்ள வீடு தெரியும். எட்வினின் அப்பாவுக்கு அது தெரியாது.

இந்தத் தூரம் குணத்தால் வந்ததல்ல, சட்டத்தால் வந்தது. 1833 தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைப் பிள்ளைகளைத்தான் காத்தது. டேரியஸ் ஓடிய மட்பாண்ட ஆலைகள் அதற்குள் வரவில்லை. அவற்றுக்குச் சட்டம் நீண்டது 1864இல். பொதுக் கல்விக்கான சட்டம் 1870இல் வந்தது. ஏழு வயதில் வேலைக்குப் போன தந்தைக்குப் பதினாறு வயது வரை பள்ளியில் இருந்த மகன் பிறக்க, நடுவே ஒரே ஒரு தலைமுறைதான் ஆனது. பதினாறு வயதில் என்ன ஆகலாம் என்று யோசிக்கும் வசதி டேரியஸின் உலகில் இருந்ததே இல்லை. அந்த வசதியைத் தம் உழைப்பால் மகனுக்கு வாங்கித் தந்தவரும் அவர்தான். மகன் அதைப் பயன்படுத்தியபோது அவருக்கே அது பிடிபடவில்லை.

பென்னட்டின் சொந்த வாழ்க்கை இந்த நாவலுக்கு அருகிலேயே ஓடுகிறது. அவர் தந்தை ஈனக் பென்னட், பல தொழில் பார்த்தபின் படித்துத் தேறி, முப்பதைக் கடந்த வயதில் வழக்கறிஞரானவர். மூத்த மகன் ஆர்னல்ட் அவருடைய அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார், வாடகை வசூலுக்கும் அலைந்தார். 1889இல், இருபத்தொரு வயதில், லண்டனுக்குப் போய்விட்டார். அதாவது எட்வின் செய்யாததைச் செய்தவர் அவர். நாவலை எழுதும்போது அவருக்கு நாற்பதைக் கடந்த வயது. தந்தை 1902இலேயே மூளைநோயால் இறந்துவிட்டார். தப்பிப்போன மகன், தப்பாமல் தங்கிவிட்ட ஒருவனைப் பற்றி எழுதுகிறார். அந்த எழுத்தில் தந்தைக்குக் கிடைத்திருக்கும் நியாயத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்றாம் பகுதியில் கதை திரும்புகிறது. தம்மை விடுதியிலிருந்து மீட்ட ஷுஷன்ஸ், தள்ளாத வயதில், அதே ஏழைகள் விடுதியில் இறந்துபோனார் என்று டேரியஸுக்குத் தெரியவருகிறது. தாம் இத்தனை காலம் ஷுஷன்ஸை மறந்திருந்தது டேரியஸை உடைக்கிறது. அனாதைச் சவமாகப் போகக்கூடாது என்று நல்லபடியாக அடக்கம் செய்விக்கிறார். பிறகு டேரியஸ் எழவே இல்லை. மூளை தளர்கிறது, மருத்துவர் கைவிரிக்கிறார். தொழிலை எட்வின் ஏற்றாக வேண்டும்.

இந்தப் பகுதியில் ஓர் அத்தியாயத்தின் பெயர் ‘சாவிகளும் காசோலைகளும்’. அதிகாரம் கைமாறுவதைப் பென்னட் இந்த இரண்டு பொருள்களைக் கொண்டே காட்டிவிடுகிறார். யாருடைய சட்டைப்பையில் சாவிக்கொத்து, யாருடைய கையெழுத்துக்கு வங்கியில் மதிப்பு என்பதுதான் கேள்வி. நோயில் நடுங்கும் அந்த மனிதர் தம் கையெழுத்து உரிமையை விட்டுக்கொடுக்கப் படும் பாட்டைப் படிக்கும்போது, அவர் பணத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றவில்லை. விட்டால் மறுபடியும் ஏழு வயதுக்குப் போய்விடுவோம் என்ற பயம் தெரிகிறது. வர்ஜீனியா வுல்ஃப் பின்னாளில் பென்னட்டைக் கடுமையாக விமர்சித்தார். வீட்டையும் வாடகையையும் பொருள்களையும் எழுதுகிறாரே தவிர மனிதரின் உள்ளத்தை விட்டுவிடுகிறார் என்பது அவருடைய வாதத்தின் சாரம். இந்த அத்தியாயத்தை வைத்துப் பார்த்தால் நான் வுல்ஃப் பக்கம் நிற்க முடியாது. டேரியஸ் தம் உள்ளத்தைச் சொல்லிப் பழகாதவர். அந்தச் சாவிக்கொத்தை விட்டால் அவர் உள்ளத்தை அறிய வேறு வழி இல்லை.

இன்னொரு காட்சி. வேலையிலிருந்து ஒதுக்கப்பட்ட டேரியஸுக்குக் காளான் வளர்க்கும் ஆசை வந்துவிடுகிறது. நிலவறையில் வளர்க்கலாம், பணம் கொடு என்று மகனிடம் கேட்கிறார். எட்வின் முடியாது என்கிறான். பல ஆண்டுகளுக்கு முன்பு, அப்பா தன்னை அவமதித்த ஒரு நாளில், உனக்கு வயதாகி என் கையில் சிக்கும்போது பார்த்துக்கொள்கிறேன் என்று மனத்துக்குள் சபதம் செய்தவன் அவன். அந்த நாள் இதோ வந்துவிட்டது. பழி தீர்ந்துவிட்டது. கையில் கிடைத்ததோ காளானுக்காகக் கெஞ்சும் ஒரு கிழவர். அன்று காசு கேட்டவன் மகன், மறுத்தவர் அப்பா. இடம் மாறியிருக்கிறது, பேச்சு மாறவில்லை. பென்னட் இங்கே ஒரு வார்த்தை கூட உபதேசமாகச் சொல்லவில்லை. அவர் காட்டுவது மகனின் குரலில் ஏறிவிட்ட தந்தையின் தொனியை மட்டுமே.

தந்தை இறந்தபின் எட்வின் என்ன செய்கிறான்? கட்டடக் கலை அவன் நினைவில் மங்கிவிட்டது. அச்சகத்தை நன்றாக நடத்துகிறான். கணக்குப் பார்ப்பதிலும் கட்டளை இடுவதிலும் தனக்கு ஓர் இன்பம் இருப்பதைக் கண்டுகொள்கிறான். நாவலின் நான்காம் பகுதிக்குப் பென்னட் வைத்த பெயர், அவன் வாழ்க்கையின் தொடக்கம் என்ற பொருளில் வருவது. அப்போது அவனுக்கு முப்பது தாண்டிவிட்டது. முதல் பகுதியின் பெயர் அவன் தொழில், மூன்றாவதன் பெயர் அவன் விடுதலை. விடுதலைக்குப் பிறகுதான் தொடக்கம் என்ற இந்த வரிசை, தந்தையின் நிழலில் வேலை செய்த எத்தனையோ மகன்களின் வாழ்க்கை வரிசை.

நாவலில் எனக்கு ஒரு குறை உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். எட்வினின் அக்கா மேகி. தாயில்லாத வீட்டைச் சுமப்பவள் அவள். அவளுக்கு என்ன ஆசை இருந்தது என்று அப்பாவும் கேட்கவில்லை, தம்பியும் கேட்கவில்லை, பென்னட்டும் போதுமான அளவு கேட்கவில்லை. தொழிலும் லட்சியமும் ஆண்வழிச் சொத்தாக மட்டும் நகரும் இந்தக் கதையில் அவளுக்கு மோதுவதற்குக் கூட இடம் இல்லை. அடுத்த நாவலான ‘ஹில்டா லெஸ்வேஸ்’ 1911இல் வந்தபோது, சுருக்கெழுத்து கற்று அலுவலக வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை நடுவில் வைத்துப் பென்னட் அந்தக் கடனில் ஒரு பகுதியைத் தீர்த்தார். மேகிக்கு அப்போதும் ஒன்றும் கிடைக்கவில்லை.

அந்த ஹில்டாவைத்தான் எட்வின் பிறகு மணக்கிறான். அவளுக்கு முன்பே ஒரு மகன் உண்டு, பெயர் ஜார்ஜ். 1916இல் வந்த ‘தீஸ் ட்வெய்ன்’ நாவலில் அந்தப் பையன் எட்வினின் வீட்டில் வளர்கிறான். அவனுக்குப் படம் வரையும் கை. அவன் வரைவதை எட்வின் தடுப்பதில்லை, ஊக்கப்படுத்துகிறான். 1918இல் வந்த ‘தி ரோல்-கால்’ நாவலில் ஜார்ஜ் லண்டனில் கட்டடக் கலைஞர். ஒரு நகர மன்றக் கட்டடத்துக்கான போட்டியிலும் வெற்றி பெறுகிறான். 1870களில் அச்சகத்தில் மடிந்துபோன ஆசை, ரத்த உறவே இல்லாத ஒரு பிள்ளையின் கையில் கல்லாக எழுகிறது. அதற்கு வழிவிட்டது, டேரியஸ் எழுப்பிய அதே அச்சகத்தின் வருமானத்தில் நடந்த வீடு.